சிறுவாடு எந்தக் கட்டத்தில் வரும்?

காரைக்குடியில் ஒரு மகளிர் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்குச் சந்தையியலில் 'வாங்குவோர் நடத்தை' என்றொரு அலகு உண்டு. ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போடுவேன். இடது பக்கம் தூண்டல், வலது பக்கம் துலங்கல், நடுவில் சாக்பீஸால் அழுத்தித் தேய்த்து நிரப்பிய ஒரு கட்டம். அதுதான் கறுப்புப் பெட்டி. கரும்பலகையில் கறுப்புப் பெட்டி வெள்ளையாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லும் நகைச்சுவைக்கு முதல் வரிசை மட்டும் சிரிக்கும்.

2023இல் அப்படிப் போட்டு முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மேம், எங்கம்மா சிறுவாட்டுல பாத்திரம் வாங்குவாங்க. அந்தச் சிறுவாடு எந்தக் கட்டத்துல வரும்?"

விலை என்ற கட்டத்தில் வரும் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். தவறான பதில். அது எவ்வளவு தவறு என்று புரிய எனக்கு அந்தப் பருவம் முழுவதும் ஆயிற்று.

முதலில் மாதிரியைச் சொல்லிவிடுகிறேன், படிக்காதவர்களுக்காக. கடைக்காரர் தருகிற தூண்டல்கள் நான்கு: பொருள், விலை, கிடைக்கும் இடம், விளம்பரமும் தள்ளுபடியும். அவற்றோடு சுற்றுச்சூழல் தருகிற தூண்டல்கள்: பொருளாதாரம், தொழில்நுட்பம், அரசியல், பண்பாடு. இவையெல்லாம் வாங்குபவரின் தலைக்குள் போகின்றன. உள்ளே அவருடைய இயல்புகள் இருக்கின்றன. தேவையை உணர்வது, விவரம் தேடுவது, ஒப்பிடுவது, முடிவெடுப்பது, வாங்கியபின் திருப்தியோ வருத்தமோ அடைவது என்ற வரிசையும் இருக்கிறது. வெளியே வருவது ஐந்து தேர்வுகள்: எந்தப் பொருள், எந்த பிராண்டு, எந்தக் கடை, எப்போது, எவ்வளவு. உள்ளே நடப்பதை நேரில் பார்க்க முடியாது, ஆகவே இரு பக்கமும் அளந்து நடுவில் இருப்பதை ஊகி என்பதுதான் இதன் சாரம்.

இந்தச் சிந்தனையின் வேர் உளவியலில் இருக்கிறது. மனதைப் பேசாதே, வெளியே தெரிகிற நடத்தையை மட்டும் ஆராய் என்று 1913இல் வாதிட்டவர் ஜான் பி. வாட்சன். 1920இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற வேண்டி வந்ததும் அவர் ஜே. வால்டர் தாம்சன் என்ற விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். ஆய்வகத்துத் தூண்டலும் துலங்கலும் அவரோடு கடைத்தெருவுக்கு வந்தன. வெளியேற்றத்துக்குக் காரணம் உதவி ஆய்வாளர் ரோசலி ரேனருடன் அவருக்கிருந்த உறவு. பயத்தைப் பழக்கப்படுத்திய அந்தப் புகழ்பெற்ற குழந்தைச் சோதனையில் ரேனர் இணை ஆசிரியர். வாட்சனுக்கு இன்னொரு தொழில் கிடைத்தது. ரேனர் இல்லத்தரசியாகி 1935இல், நாற்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். பாடநூலில் இந்த வரி இல்லை. நான் வகுப்பில் சொல்லிவிடுவேன்.

பின்னர் பிலிப் காட்லர் 1965இல் எழுதிய கட்டுரையில் வாங்குபவரை ஒரு கறுப்புப் பெட்டியாக வைத்து, அதற்குள் என்ன நடக்கலாம் என்பதற்கு மார்ஷல், பாவ்லோவ், பிராய்ட், வெப்லென், ஹாப்ஸ் ஆகிய ஐவரின் பெயரில் ஐந்து விளக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஐந்தும் ஆண் பெயர்கள் என்பதைப் பெரிய குற்றமாக நான் சொல்லவில்லை. என் புகார் வேறு. பெட்டி ஏன் கறுப்பாக இருக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. தலைக்குள் வெளிச்சம் புகாது, அதனால் கறுப்பு என்று வைத்துக்கொண்டார்கள். தலைக்குச் சொந்தக்காரி வேண்டுமென்றே விளக்கை அணைத்து வைத்திருந்தால்?

அந்த மாணவியின் அம்மாவைப் பிறகு சந்தித்தேன். அவரிடம் கேட்டு, அடையாளங்களை மாற்றி, அவர் சம்மதித்ததை மட்டும் எழுதுகிறேன். பலகாரம் போடுகிற ஓரிடத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை. சீப்புச் சீடை, மனகோலம், தேன்குழல் என்று கல்யாண மாதங்களில் விடிகாலை நான்கு மணிக்கே அடுப்பு முன் உட்கார்ந்துவிடுவார். நகரத்தார் குடும்பம் அல்ல. ஆனால் நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களில் வேலை செய்தவர். வளவில் பெண்ணுக்குச் சீர் பரப்பியிருப்பதை, ஒவ்வொரு சாமானிலும் வரிசை வரிசையாகப் பாத்திரங்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர். "ஆச்சி வீட்டு அளவுக்கு யாரால முடியும் டீச்சர்? ஆனா நம்ம பிள்ளைக்கு ஒரு அறை நிறையவாவது வேணும்ல" என்றார்.

2014இல் மகள் பெரியவளான வாரத்தில் ஒரு பழைய பள்ளி நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறார். எவர்சில்வர் குடம், தூக்குச்சட்டி, சம்புடம், தாம்பாளம், இட்லிக் கொப்பரை, பித்தளை அண்டா, குத்துவிளக்கு. பக்கத்தில் வேண்டிய எண்ணிக்கை, வாங்கிய எண்ணிக்கை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இட்லிக் கொப்பரை. பாடநூலில் 'தேவையை உணர்தல்' என்பது பசியோ, உடைந்த மிக்சியோ, ஒரு விளம்பரமோ தூண்டுகிற ஒரு கணம். இங்கே தேவை, பயன்படுத்தப் போகிறவளுக்குத் தெரியாமலே, பயன்பாட்டுக்குப் பத்து வருடம் முன்பே எண்ணிக்கையோடு எழுதப்பட்டுவிட்டது. 'எவ்வளவு' என்ற துலங்கலை எந்தக் கடைக்காரரும் இனி அசைக்க முடியாது. அதை முறை தீர்மானித்துவிட்டது.

இப்போது ஒரே ஒரு கொள்முதலை எடுத்துக்கொண்டு மாதிரியில் போட்டுப் பார்க்கலாம். 2022 ஆடி. ஊரிலுள்ள ஒரு பாத்திரக் கடை. பெரிய அண்டா ஒன்று, குடம் இரண்டு, இட்லிக் கொப்பரை ஒன்று, கூடவே ஒரு டிபன் கேரியர். வாசலில் ஆடித் தள்ளுபடி பேனர் கட்டியிருக்கிறார்கள். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, வியாபாரம் மந்தம், அதனால் தள்ளுபடி என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கடைக்காரரின் கணக்கில் இது அழகாக உட்காரும்: தூண்டல் தள்ளுபடி, துலங்கல் ஐந்து உருப்படி விற்பனை. என் மாணவிகளில் பாதிப்பேர் இப்படித்தான் எழுதினார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும்.

நோட்டு வேறு சொன்னது. அம்மா அந்தக் கடையில் பாத்திரச் சீட்டுப் போட்டிருந்தார். மாதம் 500 ரூபாய், பதினொரு மாதம். பன்னிரண்டாம் மாதத் தவணையைக் கடையே போட்டு 6,000 ரூபாய்க்குப் பாத்திரம் தரும். ஆவணியில் ஆரம்பித்த சீட்டு ஆனியோடு கட்டி முடிந்தது. ஆடியில் எடுத்தே ஆக வேண்டும். சீட்டுப் பணத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. ஆக அண்டாவுக்கும் குடத்துக்கும் கொப்பரைக்கும் தள்ளுபடி எந்த வகையிலும் காரணம் இல்லை. டிபன் கேரியர் மட்டும் கையில் இருந்த காசில், தள்ளுபடியைப் பார்த்து வாங்கியது. ஐந்தில் ஒன்று. அதையும் தையில் வாங்கலாம் என்று நோட்டில் குறித்து வைத்திருந்தார். தள்ளுபடி அந்தக் கொள்முதலை உண்டாக்கவில்லை, ஆறு மாதம் முன்னால் இழுத்தது.

இதைக் கடைக்காரர் கண்டுபிடிக்க முடியாதா என்றால், முடியும். சீட்டு பில்லையும் ரொக்க பில்லையும் பிரித்து எண்ணினால் முதல் மயக்கம் தீரும். ஆடியில் ஏறிய ரொக்க விற்பனை அடுத்து வரும் மாதங்களில் அதே அளவுக்கு இறங்குகிறதா என்று பார்த்தால் இரண்டாவதும் தீரும். இறங்கினால் அது புதுத் தேவை அல்ல, நாள் மாறிய தேவை. இரு பக்கமும் அளக்கிற மாதிரிக்கு இதைச் செய்யும் திறமை உண்டு. இதுவரை அதன்மேல் எனக்குப் பெரிய சண்டை இல்லை.

சண்டை அடுத்த கேள்வியில் வருகிறது. ஏன் சீட்டு? வங்கி இருக்கிறது, அஞ்சலகம் இருக்கிறது, வீட்டில் அரிசி டின் இருக்கிறது. பதினோராயிரம் தாள்களில் பெண்கள் காலங்காலமாய்ச் சிறுவாடு சேர்த்த இடம் அதுதான் என்று எழுதினால் மிகை, ஆனால் மிளகாய் டப்பா, சாமி படத்தின் பின்புறம், புடவை மடிப்பு, அரிசி டின் இவற்றைச் சொல்லாத ஒரு மாணவியும் என் வகுப்பில் இல்லை.

இந்த அம்மாவும் டின்னில்தான் வைத்திருந்தார், 2016 நவம்பர் 8 வரை. அன்று இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். டிசம்பர் 30க்குள் வங்கியில் கட்ட வேண்டும். டின்னில் 11,500 ரூபாய் இருந்தது, எல்லாம் 500 ரூபாய்த் தாள்கள். அவருக்குக் கணக்கு இல்லை. வீட்டில் கணக்கு வைத்திருந்தவர் கணவர். "நாலு நாள் யோசிச்சேன் டீச்சர். அப்புறம் எடுத்துக் குடுத்தேன். இம்புட்டு எங்கிருந்து வந்துச்சுன்னுதான் முதல்ல கேட்டாரு. கஞ்சி குடிக்கிறப்ப எல்லாம் இதச் சொல்லிக்காட்டுவாரு, எனக்குத் தெரியாம வச்சிருந்தவதானேன்னு." பணம் அவருடைய பழைய கடன் ஒன்றுக்குப் போனது. நோட்டில் 2017 ஆவணி வரை ஒரு உருப்படியும் ஏறவில்லை.

காட்லரின் கட்டத்தில் 'அரசியல் சூழல்' என்று ஒரு வரி இருக்கிறது. பணமதிப்பு நீக்கத்தை அதில் எழுதி, பாத்திர விற்பனை குறைந்தது என்று வலப்பக்கம் எழுதலாம். பொய் அல்ல. ஆனால் நடந்தது தேவை குறைந்ததல்ல. நோட்டில் எண்ணிக்கை அப்படியே இருந்தது. ஒரே வீட்டுக்குள் பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது, அவ்வளவுதான். குடும்பத்தை ஒரு தலையாக வைக்கிற மாதிரிக்கு அந்த இடப்பெயர்ச்சியைப் பார்க்கக் கண்ணில்லை. மொத்த வருமானம் மாறவில்லையே, பிறகு ஏன் வாங்கவில்லை என்று அது குழம்பும். கடைசியில் 'மனநிலை' என்று எழுதும்.

அதற்குப் பிறகுதான் சீட்டு. பணம் ஒரு ராத்திரிகூட வீட்டில் தங்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார். வாரக்கூலி கிடைத்ததும் வரும் வழியில் கடையில் கட்டிவிட்டு வருவார். கடைக்காரர் ஓடிப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அப்படிப் பணம் போட்டு ஏமாந்த பெண்களை நமக்குத் தெரியும், சட்டம் இருந்தும். அவர் உடனே சொன்னார்: "கடைக்காரன் ஓடினாத்தான் போகும். வீட்டுல வச்சா ஓடாமயே போகும்."

பன்னிரண்டாம் மாதத் தவணையை இனாமாகத் தருவதால்தான் பெண்கள் நம்மிடம் வருகிறார்கள் என்று அந்தக் கடை நினைத்துக்கொண்டிருக்கும். அவர் வாங்கியது இனாம் அல்ல, ஒளித்துவைக்க ஓர் இடம். இன்னொரு கடை 1,000 ரூபாய் கூடத் தந்திருந்தாலும் போயிருக்க மாட்டார், ஏனென்றால் அது வீட்டுக்குப் போகும் வழியில் இல்லை. கணவரின் சிநேகிதர் வேலை செய்வதும் அங்கேதான். 'எந்தக் கடை' என்ற துலங்கலுக்கான விடை இதுதான். சிறுவாட்டை விலைக் கட்டத்தில் போட்டது ஏன் தவறு என்று எனக்கு இங்கேதான் பிடிபட்டது. விலை என்பது பொருளுக்கு எவ்வளவு என்று கேட்கும். கொடுக்கிறவளுக்கு அந்தப் பணத்தை வெளியே காட்ட முடியுமா என்று கேட்காது. காசைக் காட்ட முடியாத காலத்தில் நம் பாட்டிகள் மதிய நேரத்தில், ஆண்கள் வெளியே போனபின், பழைய பட்டுப்புடவையைத் தெருவில் வருபவளிடம் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்கிக்கொண்டார்கள். புடவையின் சரிகை எவ்வளவு பெறும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அது அவர்கள் யாரையும் கேட்காமல் செலவழிக்க முடிந்த ஒரே நாணயம்.

பாடநூல் ஒன்றும் முட்டாள்தனமானதல்ல. குடும்பத்தில் தொடங்கி வைப்பவர், செல்வாக்குச் செலுத்துபவர், முடிவெடுப்பவர், வாங்குபவர், பயன்படுத்துபவர் என்று ஐந்து பாத்திரங்கள் இருப்பதாக அதுவே சொல்கிறது. அதை வைத்து மாணவிகளுக்கு ஒரு வினாத்தாள் கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினேன். 'முடிவெடுப்பவர் யார்?' என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லாத் தாளிலும் 'கணவர்' என்று வந்தது. எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள் என்றேன். முன்கூடத்தில், அப்பாவும் இருந்தார் என்றார்கள். தாளைத் தூர வைத்துவிட்டு, அடுப்படியில், கை வேலையாக இருக்கும்போது கேட்கச் சொன்னேன். யார் முடிவெடுத்தார் என்றும் கேட்க வேண்டாம். கடைசியாக வாங்கிய சாமானுக்குக் காசு எங்கிருந்து வந்தது, கடைக்கு யாரோடு போனீர்கள், வீட்டில் எப்போது சொன்னீர்கள் என்று மட்டும் கேளுங்கள் என்றேன். இரண்டாவது முறை வந்த பதில்கள் முதல் முறை வந்தவற்றின் எதிர்ப்பக்கம். பல வீடுகளில் பாத்திரம் வாங்கி வாரம் கழித்துத்தான் 'வாங்கட்டுமா' என்று அனுமதி கேட்கப்பட்டிருந்தது.

நான் வருத்தப்பட வேண்டியதும் இதில் உண்டு. அந்த மாணவி தன் செயல்திட்ட அறிக்கையில் சீட்டு, டின், நோட்டு எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவந்தாள். நன்றாக இருக்கிறதென்று பாராட்டி, வாய்மொழித் தேர்வுக்கு வைக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்து, "மேம், அறிக்கைய அப்பாகிட்டயும் காட்டணும், பைண்டிங்குக்கு அவர்தான் காசு தருவாரு" என்றாள். அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு வருடம் ஒருத்தி காத்த இருட்டை, 'நுகர்வோரின் உள்ளார்ந்த செயல்பாடுகள்' என்ற தலைப்பில் நான் பைண்ட் பண்ணி அவள் வீட்டுக்கே அனுப்ப இருந்தேன். நடுக் கட்டத்தை வெறுமையாக விட்டு அறிக்கையைக் கொடுத்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, எனக்குக் காரணம் சொல்ல முடியாது.

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஆடி பில் கணவர் பெயரில் இருந்தது, கைபேசி எண்ணும் அவருடையது. ஏனென்று கேட்டால் "கடையில வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேப்பாங்க, சொல்லுவோம்" என்றார். கடையின் கணினியில் அண்டா வாங்கியவர் நாற்பத்தெட்டு வயது ஆண். அந்தத் தரவை வைத்துத்தான் அடுத்த ஆடிக்குக் குறுஞ்செய்தி அவருக்குப் போகும். இது வேடிக்கை மட்டுமல்ல. பெண்ணுக்குக் கொடுத்த சீர் அவளுடைய சொத்து, கணவர் வீட்டார் காவலர்கள் மட்டுமே என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. அதே 1985இல் வந்த விதிகள், மணமகளுக்கு வந்த பரிசுகளின் பட்டியலை அவளே வைத்திருக்க வேண்டும், ஒவ்வொன்றின் விவரமும் தோராய மதிப்பும் கொடுத்தவர் பெயரும் இருக்க வேண்டும், மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்கின்றன. அம்மாவின் பள்ளி நோட்டில் கையெழுத்துகளையும் கொடுத்தவர் பெயரையும் தவிர மற்றதெல்லாம் ஏற்கெனவே இருந்தது. கடைக்கு அது தேவைப்பட்டியல். நாளைக்கு ஏதாவது ஆனால் மகளுக்கு அதுதான் சான்று. இதைச் சொன்னபோது அவர் நோட்டை வாங்கி முதல் பக்கத்தில் மகளின் பெயரை எழுதச் சொன்னார்.

பிறகு பாத்திரங்களைக் காட்டினார். கட்டிலுக்கு அடியிலும் பரணிலும், பழைய சேலையில் சுற்றி. விளிம்பில் மகளின் பெயர் வெட்டியிருந்தது. எனக்கு முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் நினைவுக்கு வந்தன. பெரிய வீடுகளிலிருந்து இறங்கிய பித்தளையும் வெண்கலமும் எனாமலும் அங்கே அடுக்கிக் கிடக்கும், சிலவற்றின் விளிம்பில் எழுத்துகள் வெட்டியிருக்கும். யாரோ ஒரு அம்மா யாரோ ஒரு மகளுக்கு வாங்கியது. ஓட்டல் அலங்காரத்துக்கு வாங்குகிறவர்களுக்கு அந்த எழுத்து பழமையின் அழகு. மாதிரியில் பொருளை வாங்கியவளுக்கு ஒரு பெட்டி உண்டு, அதை எதற்காக விற்றாள் என்பதற்குப் பெட்டி கிடையாது.

பித்தளை அண்டாவிலும் குத்துவிளக்கிலும் மட்டும் பெயர் வெட்டவில்லை. மறந்துவிட்டீர்களா அக்கா என்று கேட்டேன். அவர் மகள் அடுப்படியில் இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பேர் வெட்டுனா மாத்தப் போறப்ப கடைக்காரன் நூறு கேள்வி கேப்பான். இது ரெண்டும் கிலோ கணக்குல போயிரும். எம்.காம் படிக்கணும்னு சொல்லிக்கிட்டிருக்கா. கல்யாணச் சாமான்னு சொன்னாத்தான் இவரு வாங்க விடுவாரு டீச்சர், ஃபீஸுன்னு சொன்னா விடுவாரா?"